பின்வரிசை முகங்கள் ஏன் மங்குகின்றன: எஃப் எண், எக்ஸ்போஷர், புல ஆழம் ஆகியவற்றை அறிகுறி வாரியாகச் சரிசெய்தல்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டத் தமிழ்ப்பள்ளிகளின் பரிசளிப்பு விழாக்களிலும் கோயில் திருவிழாக்களிலும் எடுக்கப்படும் குழுப்படங்களைப் பற்றி அடிக்கடி வரும் குறை ஒன்று உண்டு. "அண்ணே, முன்னுக்கு உக்காந்தவங்க நல்லா தெரியுறாங்க, பின்னுக்கு நிக்கிற பிள்ளைங்க முகம் கலங்கிப் போச்சே" என்று ஆசிரியை ஒருவர் கேட்கும்போது, லென்ஸ் பழையது என்றோ கேமரா போதாது என்றோ பதில் சொல்லிவிடுவது எளிது. ஆனால் பெரும்பாலான படங்களில் லென்ஸ் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கும். துளையின் அளவையும் குவியம் வைத்த இடத்தையும்தான் திருத்த வேண்டியிருக்கும். அந்தத் திருத்தத்தை ஊகத்தால் செய்யாமல் பள்ளியில் படித்த வடிவொத்த முக்கோணங்களைக் கொண்டே கணக்கிட்டுச் செய்யலாம் என்பதை இங்கே விரிவாகக் காட்டுகிறேன்.

தொடங்குமுன் தெரிந்திருக்க வேண்டிய வடிவியல்

ஒரு பொருளின் ஏதேனும் ஒரு புள்ளியிலிருந்து புறப்படும் ஒளி, லென்ஸின் துளை முழுவதிலும் பரவி விழுகிறது. லென்ஸ் அந்த ஒளியைக் கூம்பு வடிவில் குவித்து மறுபுறம் ஒரு புள்ளியில் சேர்க்கிறது. கூம்பின் அடிப்பாகம் துளை. அதன் நுனி, பிம்பம் விழும் இடம். சென்சார் அந்த நுனியிலேயே இருந்தால் புள்ளி புள்ளியாகப் பதிவாகும். நுனிக்குச் சற்று முன்னோ பின்னோ இருந்தால், கூம்பு குறுக்கே வெட்டப்பட்டு ஒரு சிறு வட்டமாகப் பதிவாகும். இதை மங்கல் வட்டம் என்று அழைப்போம். அகன்ற துளையிலிருந்து வரும் கூம்பு தடித்திருப்பதால் அதன் வெட்டு வட்டம் பெரிதாகவும், குறுகிய துளையிலிருந்து வரும் கூம்பு மெலிந்திருப்பதால் வட்டம் சிறிதாகவும் இருக்கும். படத்தில் தெளிவாகத் தெரியும் தூர வீச்சான புல ஆழம் பற்றிய எல்லாக் கணக்கும் இந்த ஒரு கூம்பிலிருந்தே வருகிறது.

எஃப் எண் என்பது குவியத்தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும் எண். 50 மி.மீ. லென்ஸில் f/2 என்றால் துளையின் விட்டம் 25 மி.மீ.; f/5.6 என்றால் ஏறத்தாழ 9 மி.மீ. வகுக்கும் எண் பெரிதானால் துளை சிறுக்கிறது. துளை என்று இங்கே சொல்வது, லென்ஸை முன்புறமிருந்து பார்க்கும்போது இதழ்களுக்கு நடுவே தெரியும் வட்டம். முன்கண்ணாடிகள் அதைச் சற்றுப் பெரிதாக்கிக் காட்டும் அளவே கணக்கில் சேரும்.

```
N = f / D
b = D × m × |x − s| / x      m = f / (s − f)
```

இதில் N என்பது எஃப் எண், f என்பது குவியத்தூரம், D என்பது துளையின் விட்டம், m என்பது உருப்பெருக்கம், s என்பது குவியம் வைத்த தூரம், x என்பது நாம் சோதிக்கும் முகம் இருக்கும் தூரம், b என்பது சென்சாரில் விழும் மங்கல் வட்டத்தின் விட்டம். இரண்டாம் வரி மேலே சொன்ன கூம்பின் முக்கோணக் கணக்கேயன்றி வேறில்லை.

அறிகுறி ஒன்று: முன்வரிசை தெளிவு, பின்வரிசை மங்கல்

முதலில் அது உண்மையிலேயே குவிய மங்கல்தானா என்று உறுதிசெய்து கொள்ள வேண்டும். படத்தைக் கேமராத் திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கி, பின்வரிசையின் அருகே உள்ள ஒரு சிறிய ஒளிப்புள்ளியைத் தேடுங்கள். மேடையோரத்துக் குத்துவிளக்கின் சுடரோ, ஒரு மாணவரின் மூக்குக்கண்ணாடியில் விழுந்த விளக்கின் மின்னலோ போதும். அந்தப் புள்ளி வட்டமாக, ஓரம் வரை ஒரே சீராக வீங்கியிருந்தால் அது குவிய மங்கல். துளையை மூடும் இதழ்களின் எண்ணிக்கைப்படி பலகோணமாகவும் தெரியலாம். அது ஒரு திசையில் கோடாக இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. அந்த நிலையில் முன்வரிசையிலும் அதே திசையில் அதே இழுவை இருக்கும். ஒரு பிள்ளையின் முகம் மட்டும் இழுபட்டு, பக்கத்துப் பிள்ளை தெளிவாக இருந்தால் அசைந்தது பிள்ளை. கை ஆடிய படத்துக்குத் துளையைச் சுருக்கினால் ஷட்டர் இன்னும் மெதுவாகி நிலைமை மோசமாகும். ஆகையால் இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு அடுத்த படிக்குப் போகக் கூடாது.

குவிய மங்கல்தான் என்று தெரிந்தபின், ஒரு படத்தை எடுத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம். பள்ளி மண்டபத்தில் மூன்று வரிசை. முன்வரிசை நாற்காலிகளில் 4 மீட்டரிலும், இரண்டாம் வரிசை 4.7 மீட்டரிலும், பெஞ்சின் மேல் நிற்கும் கடைசி வரிசை 5.4 மீட்டரிலும் இருக்கின்றன. முழுச்சட்டக சென்சார் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ். இந்த அமைப்பில் முன்வரிசையில் ஏறத்தாழ 2.8 மீட்டர் அகலம் சட்டத்துக்குள் அடங்கும். ஐந்தாறு பிள்ளைகள் அமரலாம். விளக்கொளியில் கேமரா f/2, 1/100 வினாடி, சென்சாரின் ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓ 800 என்று எடுத்திருக்கிறது. முகம் தேடும் தானியங்கிக் குவியம், வழக்கம்போல் மிக அருகிலுள்ள முகத்தைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நின்றுவிட்டது.

பின்வரிசை முகத்தின் மங்கல் வட்டத்தைக் கணக்கிட்டால், துளை 25 மி.மீ., உருப்பெருக்கம் 0.0127, தூர விகிதம் 1.4-ஐ 5.4-ஆல் வகுத்தது, பெருக்கினால் 0.08 மி.மீ. வருகிறது. அதே சென்சாரில் அந்தப் பிள்ளையின் ஒரு கண் ஏறத்தாழ 0.28 மி.மீ. அகலமே இருக்கும். கண்ணின் அகலத்தில் கால்பங்குக்கும் மேலான வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் இமையும் கருவிழியும் கலந்துபோவதில் வியப்பில்லை. முழுச்சட்டக சென்சாருக்கு ஏற்கத்தக்க மங்கல் வட்டம் 0.03 மி.மீ. என்பது நெடுநாள் வழக்கம். எட்டுக்குப் பத்து அங்குலத் தாளில் அச்சிட்டால் அது ஏறத்தாழ கால் மி.மீ. ஆகும், படத்தைக் கையில் பிடித்துப் பார்க்கும் கண்ணுக்கு அது புள்ளியாகவே படும்.

இப்போது பலரும் செய்யும் திருத்தம், குவியத்தை முன்வரிசையிலேயே விட்டுவிட்டுத் துளையைச் சுருக்குவது. பின்வரிசை 0.03-க்குள் வர f/5.6 வேண்டியிருக்கிறது. அது f/2-இலிருந்து மூன்று ஸ்டாப் கீழே. ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஒளி பாதியாகும் என்பதால், வந்த ஒளியில் எட்டில் ஒரு பங்கே மிஞ்சுகிறது. ஷட்டரை 1/100-லேயே வைத்தால் ஐஎஸ்ஓ 6400 தேவைப்படும். ஐஎஸ்ஓவை 800-லேயே வைத்தால் ஷட்டர் ஏறத்தாழ 1/13 வினாடிக்கு இறங்கும், பிள்ளைகள் அதுவரை அசையாமல் நிற்க மாட்டார்கள்.

சரியான திருத்தம் குவியத்தை நகர்த்துவதில் தொடங்குகிறது. முன்வரிசையில் குவியம் வைக்கும்போது, குவியத் தளத்துக்கு முன்புறம் கிடைக்கும் தெளிவுப் பகுதி முழுவதும் கேமராவுக்கும் நாற்காலிக்கும் இடையிலுள்ள வெறுந்தரையில் வீணாகிறது. முன்வரிசையும் பின்வரிசையும் ஒரே அளவு மங்கும்படி குவியத்தை இடையில் வைத்தால் அந்த வீண் இல்லை. அந்தத் தூரத்தைக் கண்டுபிடிக்க முன்வரிசையின் தூரம் p, பின்வரிசையின் தூரம் q ஆகிய இரண்டையும் பெருக்கி, இரட்டித்து, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும்.

```
s = 2pq / (p + q) = 2 × 4 × 5.4 / 9.4 ≈ 4.6
```

4.6 மீட்டரில் குவியம் வைத்து f/2.8-இல் எடுத்தால், முன்வரிசையின் வட்டமும் பின்வரிசையின் வட்டமும் ஏறத்தாழ 0.029 மி.மீ.; இரண்டுமே வரம்புக்குள் வந்துவிட்டன. குவியத்தை 60 செ.மீ. பின்னே தள்ளியதால் f/5.6-இன் வேலையை f/2.8 செய்துவிடுகிறது. இரண்டு ஸ்டாப் ஒளி மிச்சம். ஐஎஸ்ஓ 6400 தேவைப்பட்ட இடத்தில் 1600 போதும். விலையுயர்ந்த லென்ஸ் வாங்கிப் பெறும் ஆதாயத்துக்கு இது குறைந்ததன்று.

நடைமுறையில் யாரும் நாடா பிடித்து அளக்க வேண்டியதில்லை. முகம் தேடும் வசதியை நிறுத்திவிட்டு, ஒற்றைப்புள்ளிக் குவியத்தை இரண்டாம் வரிசையில் நடுவிலுள்ள பிள்ளையின் கண்ணில் வைத்துப் பூட்டினால் போதும். அது 4.7 மீட்டர், நமக்கு வேண்டியதைவிட 10 செ.மீ. அதிகம் என்பதால் முன்வரிசைக்கான வட்டம் f/2.8-இல் வரம்பை இலேசாகத் தாண்டும். அதற்காக நான் f/4 வைப்பேன். அப்போது முன்வரிசைக்கு 0.024, பின்வரிசைக்கு 0.017 மி.மீ. என்று இரண்டும் வசதியாக உள்ளே அமைந்துவிடும், ஐஎஸ்ஓ 3200 ஆகும். பள்ளி நுழைவாயிலில் மாட்டும் பெரிய பேனருக்கு அந்தப் படம் போகும் என்று முன்பே தெரிந்தால் 0.03 என்ற வரம்பை நம்பக் கூடாது. பெரிதாக்கி அருகில் நின்று பார்க்கும் படத்துக்கு வரம்பைப் பாதியாக்கி, துளையை மேலும் சுருக்கி, முக்காலியோ ஃபிளாஷோ கொண்டு ஒளியை ஈடுகட்ட வேண்டும். வரிசைகளை நெருக்கி நிற்கவைப்பதும் கணக்கில் பெரிய உதவி. பின்வரிசை ஓரடி முன்னே வந்தாலே தேவையான எஃப் எண் கணிசமாகக் குறையும். அதற்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ஷட்டருக்கு 1/100 வைத்ததற்கும் காரணம் உண்டு. மலேசியாவின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய குழல்விளக்குகள் வினாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. 1/100 அல்லது 1/50 வைத்தால் ஒவ்வொரு படத்திலும் முழு ஏற்ற இறக்கம் அடங்கும். அதைவிட வேகமாக வைத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரும். அதை எஃப் எண்ணின் குறை என்று தவறாக எண்ணிவிடக் கூடாது.

அறிகுறி இரண்டு: ஜூம் செய்தால் படம் இருட்டாகிறது அல்லது ஆடுகிறது

கேமராவுடன் சேர்ந்து வரும் 18–55 மி.மீ. லென்ஸ்களில் f/3.5–5.6 என்று பொறித்திருக்கும். தைப்பூச ஊர்வலத்தின் முன்மாலை வெளிச்சத்தில் 18 மி.மீ.-இல் நன்றாக வந்த படம், காவடியின் அலங்காரத்தை நெருங்கிக் காண 55-க்கு ஜூம் செய்ததும் கெட்டுவிடுகிறது. கையால் அமைக்கும் முறையில் இருந்தால் படம் இருட்டும். தானியங்கி முறையில் இருந்தால் கேமரா ஷட்டரை மெதுவாக்கி ஈடுகட்ட முயலும், படம் ஆடிவிடும்.

இதில் பலரையும் குழப்பும் செய்தி, ஜூம் செய்யும்போது துளை உண்மையில் பெரிதாகிறது என்பதே. 18 மி.மீ.-ஐ 3.5-ஆல் வகுத்தால் 5.1 மி.மீ.; 55-ஐ 5.6-ஆல் வகுத்தால் 9.8 மி.மீ. விட்டம் ஏறத்தாழ இரு மடங்கு, அதாவது அதே காவடியிலிருந்து லென்ஸ் அள்ளும் ஒளி 3.65 மடங்கு. அப்படியிருந்தும் இருட்டுவதற்குக் காரணம் பிம்பத்தின் பரப்பு. குவியத்தூரம் 3.06 மடங்கானதால் காவடியின் பிம்பம் சென்சாரில் 9.3 மடங்கு பரப்பில் விரிகிறது. 3.65 மடங்கு ஒளியை 9.3 மடங்கு பரப்பில் பரப்பினால் ஒவ்வொரு புள்ளிக்கும் முன்பிருந்ததில் 0.39 பங்கே கிடைக்கும். 3.5-ஐ 5.6-ஆல் வகுத்து வர்க்கமாக்கினாலும் அதே 0.39 வருகிறது. சென்சாரில் பதியும் ஒளியின் அளவான எக்ஸ்போஷருக்குத் துளையின் விட்டம் தனியாகப் போதாது, விகிதமே வேண்டும் என்பது இங்கே தெளிவாகிறது; எஃப் எண்கள் 2, 2.8, 4, 5.6 என்று இரண்டின் வர்க்கமூலத்தால் பெருகிச் செல்வதும் பரப்பு வர்க்கத்தில் மாறுவதால்தான்.

திருத்தம் எளியது. ஊர்வலம் தொடங்குமுன் 55 மி.மீ.-க்கு ஜூம் செய்து f/5.6-ஐ அமைத்துவிடுங்கள்; பிறகு எந்த ஜூமில் நின்றாலும் அந்த எண் மாறாது, படத்துக்குப் படம் வெளிச்சமும் மாறாது. 18-இல் கிடைத்திருக்கக்கூடிய ஒன்றேகால் ஸ்டாப்புக்குச் சற்று மேலான ஒளியை இழக்கிறோம், அதற்கேற்ப ஐஎஸ்ஓவை உயர்த்திக்கொள்ள வேண்டும்.

அறிகுறி மூன்று: கைபேசியில் f/1.8, ஆனாலும் பின்னணி மங்குவதில்லை

இதில் பிழை எதுவும் இல்லை. கைபேசியின் முதன்மைக் கேமராவின் உண்மையான குவியத்தூரம் 6 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், f/1.8-இல் துளை 3.3 மி.மீ. மட்டுமே; 50 மி.மீ. லென்ஸில் அதே f/1.8 ஏறத்தாழ 28 மி.மீ. சென்சாரின் ஒவ்வொரு சதுர மி.மீ.-க்கும் விழும் ஒளி இரண்டிலும் ஒன்றே, ஏனெனில் விகிதம் ஒன்றே. ஆனால் கூம்பின் அடி மிகச் சிறியது என்பதால் ஒரே சட்டகத்தைப் பிடிக்கும்போது கைபேசியில் மங்கல் மிகக் குறைவு. பின்னணியை மங்கலாக்க வேண்டுமென்றால் பொருளுக்கு மிக அருகே போக வேண்டும், பின்னணியைத் தொலைவில் வைக்க வேண்டும்; கைபேசியின் போர்ட்ரெய்ட் முறை மென்பொருளால் வரையும் மங்கல் வேறு கதை. குழுப்படத்துக்கு இதே பண்பு நன்மையாகிறது: மூன்று வரிசையும் தெளிவாக வர வேண்டும், வெளிச்சமும் நன்றாக இருக்கிறது என்றால் கைபேசியில் எடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அறிகுறி நான்கு: நெருக்கப் படத்தில் f/22 வைத்தும் தெளிவில்லை, மேலும் இருட்டாக இருக்கிறது

பால்மரத்தின் வெட்டுக்கோட்டில் வழிந்து, பால் சேரும் கிண்ணமான மங்கில் சொட்டும் பாலை அருகிலிருந்து எடுக்க முயல்பவர்கள் இந்த இடத்தில் சிக்கிக்கொள்கிறார்கள். மரம் வெட்டுவது விடியலுக்கு முன்பே தொடங்குவதால் ஒளி ஏற்கெனவே குறைவு. மேக்ரோ லென்ஸில் பாதி அளவு உருப்பெருக்கத்தில், f/8-இல், தெளிவாக இருக்கும் ஆழம் முழுவதும் ஏறத்தாழ 3 மி.மீ.-தான். சொட்டு தெளிவாக இருந்தால் அதற்குப் பின்னுள்ள பட்டை மங்கும், பட்டை தெளிவாக இருந்தால் மங்கின் விளிம்பு போய்விடும். ஆகவே எல்லாரும் துளையை f/22 வரை மூடுகிறார்கள்.

இங்கே இரண்டு வெவ்வேறு இழப்புகள் ஒருங்கே வருகின்றன. முதலாவது வடிவியல் சார்ந்தது. எஃப் எண் என்பது பொருள் வெகு தொலைவில், பிம்பம் குவியத்தூரத்திலேயே விழும்போதுதான் முழுப் பொருளுடையது. நெருங்கும்போது பிம்பம் குவியத்தூரத்துக்கு அப்பால் தள்ளிப்போகிறது. பாதி உருப்பெருக்கத்தில் ஒன்றரை மடங்கு தூரம். ஆகவே செயல்படும் எண்ணும் ஒன்றரை மடங்காகி, f/22 என்று காட்டினாலும் வேலை செய்வது f/33. ஒளி பாதிக்கும் கீழே போய்விடும். கேமராவின் ஒளிமானி லென்ஸ் வழியே அளப்பதால் தானியங்கி முறையில் இதை ஈடுகட்டிவிடும்; தனி ஒளிமானியோ கையால் அமைத்த ஃபிளாஷோ பயன்படுத்தினால் நீங்களே ஒரு ஸ்டாப்புக்குச் சற்று மேலாகக் கூட்ட வேண்டும். சில கேமராக்கள் திரையிலேயே திருத்திய எண்ணைக் காட்டும், அவற்றில் இரண்டு முறை கூட்டிவிடக் கூடாது.

இரண்டாவது இழப்பைக் கூம்புக் கணக்கு சொல்லாது. ஒளி அலையாக இருப்பதால் சிறிய துளையின் ஓரத்தில் விளிம்பு விளைவு ஏற்பட்டு, சரியாகக் குவிந்த புள்ளியும் ஒரு சிறு வட்டாகப் பரவுகிறது. அதன் விட்டம், பச்சை ஒளிக்கு, மி.மீ.-இல் இப்படி வரும்:

```
2.44 × 0.00055 × 33 ≈ 0.044
```

வரம்பு 0.03 என்று வைத்திருந்தோம். ஆகவே f/22-இல் படத்தின் எந்தப் புள்ளியும், குவியம் வைத்த இடம் உட்பட, முழுத் தெளிவு பெறாது. குவிய மங்கலிலிருந்து இதைப் பிரித்தறிவது எளிது: குவிய மங்கலில் எங்காவது ஒரு தளம் கூர்மையாக இருக்கும், இதில் படம் முழுவதும் சீராக, இலேசாக மெழுகியதுபோல் இருக்கும். அதே இடத்தில் f/8 வைத்து ஒரு படம் எடுத்து, குவியப் புள்ளியை மட்டும் ஒப்பிட்டால் வேறுபாடு உடனே தெரியும்.

பாதி உருப்பெருக்கத்தில் f/11-ஐத் தாண்ட நான் விரும்புவதில்லை. அங்கே ஆழம் 4 மி.மீ. கிடைக்கும், விளிம்பு விளைவு வட்டும் 0.022 மி.மீ.-இல் நிற்கும். மீதி ஆழத்தைத் துளையிடமிருந்து கேட்காமல் கேமராவின் நிலையிலிருந்து பெறலாம். குவியத் தளம் சென்சாருக்கு இணையாக நிற்கும் ஒரு தட்டையான தளம் என்பதால், சொட்டு தொங்கும் தகரக்குழாயின் நுனியும் மங்கின் முன்விளிம்பும் அந்த ஒரே தளத்தில் விழும்படி கேமராவைப் பக்கவாட்டில் நகர்த்தி, முக்காலியில் பூட்டிக் குவியத்தைக் கையால் சரிசெய்தால், 4 மி.மீ. ஆழம் அந்த இரண்டுக்கும் போதும். பட்டை பின்னால் மங்கட்டும்.